பீடத்தில் ஊதாத் துணி ஏறும் சனிக்கிழமை: திருவருகைக் காலத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பீடத்துத் துணி மாற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் பங்குக்குக் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகாத பெண் ஒருத்தி உதவிக்கு வந்திருந்தாள். பச்சைத் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஊதாவை விரித்ததும் கேட்டாள்: "என்னக்கா, தெருவெல்லாம் ஸ்டார் தொங்குது, கடையில கேக் வந்தாச்சு. இங்க மட்டும் தவக்காலத் துணியப் போடுறீங்க?"

நல்ல கேள்வி. கிறிஸ்மஸ் வருகிறது என்று ஊரே ஆடும்போது கோயில் மட்டும் ஏன் அடங்கி நிற்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால் திருவழிபாட்டு ஆண்டின் பாதி புரிந்துவிடும். அவளுக்கு அன்றைக்கும் அடுத்த வாரங்களிலும் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டு லத்தீன் ரீதி கத்தோலிக்கப் பங்குகளின் வழக்கம். மற்ற சபைகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக 2026 நவம்பரில் தொடங்கும் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்த ஆண்டையும் போட்டுவிடலாம்.

முதலில் ஆண்டின் போக்கு

திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுதான் அதன் புத்தாண்டு. அன்று தொடங்குவது திருவருகைக் காலம், நிறம் ஊதா. டிசம்பர் 24 சாயங்காலத்திலிருந்து கிறிஸ்து பிறப்புக் காலம், நிறம் வெள்ளை. அது ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடியும். பிறகு பச்சை நிறத்தில் பொதுக்காலம் சில வாரம் ஓடும். திருநீற்றுப் புதன் வந்ததும் தவக்காலம், மறுபடி ஊதா. உயிர்ப்பு ஞாயிறு தொட்டு ஐம்பது நாள் பாஸ்கா காலம், வெள்ளை. ஐம்பதாம் நாள் தூய ஆவியார் பெருவிழா, அன்றைக்கு மட்டும் சிவப்பு. மறுநாளே விட்ட இடத்திலிருந்து பொதுக்காலம் தொடர்ந்து, கிறிஸ்து அரசர் பெருவிழா வாரத்தோடு ஆண்டு முடியும்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கோயிலுக்குள் நுழைந்ததும் சாமியார் போட்டிருக்கும் திருவுடையின் நிறத்தைப் பாருங்கள், எந்தக் காலம் என்று பாதி தெரிந்துவிடும். மீதி எப்படித் தெரியும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நாளைக் கண்டுபிடிப்பது

கிறிஸ்மஸ் எப்போதும் டிசம்பர் 25. ஆனால் அதற்கு முன்னால் நான்கு ஞாயிறு வந்தாக வேண்டும். ஆகவே டிசம்பர் 25க்கு முந்தைய ஞாயிறைப் பிடித்து, அங்கிருந்து ஏழு ஏழு நாளாக மூன்று முறை பின்னால் போங்கள். 2026இல் கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு டிசம்பர் 20. பின்னால் போனால் 13, 6, நவம்பர் 29. ஆக, நவம்பர் 29தான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயா விழா. அதற்கு மிக அருகில் இருக்கும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கு முன்னும் டிசம்பர் 3க்குப் பின்னும் ஒருநாளும் வராது. உங்கள் கணக்கில் நவம்பர் 22 என்றோ டிசம்பர் 6 என்றோ வந்தால் ஒரு ஞாயிறைக் கூடவோ குறைத்தோ எண்ணிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதனால்தான் திருவருகைக் காலம் ஆண்டுக்கு ஆண்டு நீளும், சுருங்கும். "நான்கு வாரம்" என்று நாம் வாய்வழக்கில் சொன்னாலும் முழுசாக நான்கு வாரம் கிடைப்பது கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமை வரும் ஆண்டில் மட்டும்தான். 2022இல் அப்படி வந்தது, 28 நாள். மறு ஆண்டே கிறிஸ்மஸ் திங்கட்கிழமை வந்தது. டிசம்பர் 24 காலையில் நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்றினோம், அன்று ராத்திரியே கிறிஸ்மஸ் பூசை. காலையில் ஊதா, சாயங்காலம் வெள்ளை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி முடிப்பதற்குள் எங்கள் இடுப்பு ஒடிந்துவிட்டது. 2026இல் அந்தத் தொல்லை இல்லை. நவம்பர் 29 முதல் டிசம்பர் 24 வரை 26 நாள் இருக்கிறது.

இன்னொன்று, திருவழிபாட்டில் ஞாயிறு என்பது சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். சனி மாலைப் பூசைக்குப் போகிறவராக இருந்தால் நவம்பர் 28 சாயங்காலமே உங்களுக்கு ஊதா வந்துவிடும். நாங்கள் சனிக்கிழமையே துணி மாற்றுவது அதற்காகத்தான்.

எந்த ஆண்டின் வாசகம்?

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. முதல் ஆண்டில் பெரும்பாலும் மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. சிலர் இதையே ஏ, பி, சி என்பார்கள். யோவானுக்கென்று தனி ஆண்டு கிடையாது, எல்லா ஆண்டிலும் இடையிடையே வருவார்.

எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க அந்த ஆண்டின் எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி இல்லாமல் போனால் மூன்றாம் ஆண்டு, மீதி ஒன்று என்றால் முதல் ஆண்டு, இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு. ஆனால் எந்த எண்ணை வகுப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 2026 நவம்பர் 29இல் தொடங்கும் திருவழிபாட்டு ஆண்டு 2027க்கு உரியது. ஆகவே 2027ஐ வகுக்க வேண்டும். 2025 மூன்றால் தீரும், அதற்கு மேல் இரண்டு மீதி. எனவே இரண்டாம் ஆண்டு, மாற்கு.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். ஓர் ஆண்டு முதல் ஞாயிறுக்கு முதல் வாசகம் என் பொறுப்பு. வீட்டில் நாலைந்து தடவை வாசித்துப் பழகிக்கொண்டு போய், முழு நிதானத்தோடு வாசித்தும் முடித்தேன். எசாயாதான், வாசகமும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த பதிலுரைப் பாடல் அதோடு ஒட்டவே இல்லை. பாடகர் குழுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முடிந்துபோன ஆண்டின் வாசகத்தை நான் வாசித்துவிட்டேன், அவள் புதிய ஆண்டின் பாடலைப் பாடினாள். வாசகமும் பாடலும் ஒன்றுக்கொன்று பேசாமல் நின்றால் யாரோ ஆண்டை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையே வாசக நூலின் நாடாவை நகர்த்தி வைத்துவிடுவது நல்லது.

வாரநாள் வாசகங்களுக்கு வேறு சுற்று உண்டு. ஆனால் திருவருகைக் கால வாரநாட்களுக்கு எல்லா ஆண்டிலும் ஒரே வாசகம்தான் என்பதால் இப்போதைக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எதற்காகக் காத்திருக்கிறோம்?

புதிதாக வருகிறவர்களுக்கு அதிகமாகக் குழப்பம் வருவது இங்கேதான். "குழந்தை இயேசு பிறக்கக் காத்திருக்கிறோம்" என்று நினைத்து முதல் ஞாயிறு பூசைக்குப் போவார்கள். அங்கே குழந்தையும் இருக்காது, மாட்டுத்தொழுவமும் இருக்காது. 2026 நவம்பர் 29இல் வாசிக்கப்போகும் நற்செய்தி மாற்கு 13ஆம் அதிகாரம். வீட்டுத் தலைவர் நெடும்பயணம் போகிறார், வேலையாட்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பு, வாயில்காவலருக்கு விழித்திருக்கச் சொல்லி உத்தரவு. அவர் மாலையில் வருவாரா, நள்ளிரவிலா, சேவல் கூவும்போதா, காலையிலா என்று தெரியாது. இதுதான் அன்றைய நற்செய்தி.

திருவருகைக் காலத்தில் இருப்பது இரண்டு காத்திருப்புகள். முதல் பகுதி டிசம்பர் 16 வரை. அதில் கண் வைப்பது கிறிஸ்துவின் இரண்டாம் வருகை மீது, கால முடிவில் அவர் மாட்சியோடு வருவது மீது. டிசம்பர் 17 முதல் 24 வரைதான் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறோம். முந்தைய வாரம் வந்த கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு சேர்த்துப் பாருங்கள். பழைய ஆண்டின் முடிவும் புதிய ஆண்டின் தொடக்கமும் ஒரே விஷயத்தைப் பேசுவது தெரியும்.

நான்கு ஞாயிறுகளும் படிப்படியாக இறங்கி வருகின்றன. 2026இல் அது இப்படிப் போகும். முதல் ஞாயிறு, விழித்திருங்கள். டிசம்பர் 6, இரண்டாம் ஞாயிறு: மாற்கு நற்செய்தியின் முதல் எட்டு வசனம். பாலைநிலத்தில் திருமுழுக்கு யோவான், ஒட்டக முடி ஆடை, வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உணவு. டிசம்பர் 13, மூன்றாம் ஞாயிறு: மறுபடி அதே யோவான், ஆனால் நற்செய்தியாளர் யோவான் எழுதியதிலிருந்து. "நீர் யார்?" என்று எருசலேமிலிருந்து வந்தவர்கள் கேட்க, நான் மெசியா அல்ல என்று அவர் சொல்லும் இடம். டிசம்பர் 20, நான்காம் ஞாயிறுக்குத்தான் மரியாவும் வானதூதர் கபிரியேலும் வருகிறார்கள், லூக்காவிலிருந்து.

திருமுழுக்கு யோவானுக்கு இரண்டு ஞாயிறு ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். அவர் இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இயேசுவுக்கு ஏறக்குறைய முப்பது வயது. பிறப்பு விழாவுக்கு முன்னால் வளர்ந்தவர் கதை ஏன் என்று எனக்கே வெகுநாள் புரியவில்லை. காலவரிசைப்படி கதை சொல்ல இந்த நான்கு வாரமும் வைக்கப்படவில்லை என்பதுதான் விஷயம். வருகிறவர் யார் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு அவரைத் தொட்டிலில் போய்ப் பார்க்கிறோம்.

கண்ணும் காதும் சொல்வது

ஊதா நிறம் தவக்காலத்திலும் உண்டு என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதம் கிடையாது, தவக்காலத்திலும் கிடையாது. ஆனால் நற்செய்திக்கு முன் அல்லேலூயா திருவருகைக் காலத்தில் உண்டு, தவக்காலத்தில் அறவே இல்லை. ஆகவே ஊதா இருந்து அல்லேலூயாவும் கேட்டால் திருவருகைக் காலம். ஊதா மட்டும் இருந்தால் தவக்காலம்.

வானவர் கீதத்தை ஏன் நிறுத்தி வைக்கிறோம் என்றால், பெத்லகேமில் இடையர்களுக்கு வானதூதர்கள் பாடிய பாட்டு அது. நான்கு வாரம் அதைப் பாடாமல் இருந்துவிட்டுக் கிறிஸ்மஸ் ராத்திரி மணியெல்லாம் அடித்துப் பாடும்போது அந்தப் பாட்டுக்கு வேறு எடை கிடைக்கிறது. பூவும் அப்படித்தான். பீடத்தில் பூ வைக்கலாம், ஆனால் அளவோடு. தோரணம், சீரியல் விளக்கு எல்லாம் 24ஆம் தேதிக்கு.

நடுவில் சில நாள் இந்த ஒழுங்கு மாறும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியார் விழா, நாகர்கோவில் கோட்டாறு பேராலயத் திருவிழாவின் கடைசி நாள். டிசம்பர் 8 அமல அன்னை பெருவிழா. இந்த நாட்களில் வெள்ளை உடை வரும், வானவர் கீதமும் பாடுவார்கள். மறுநாள் மறுபடி ஊதா.

மூன்றாம் ஞாயிறு, அதாவது 2026இல் டிசம்பர் 13, மகிழ்ச்சி ஞாயிறு. அன்று சாமியார் ரோஸ் நிறத்தில் உடுத்தலாம். "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்ற பவுலடியாரின் சொற்களோடு அந்த ஞாயிறு பூசை தொடங்குவதால் இந்தப் பெயர். ரோஸ் உடை கட்டாயம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு நாளுக்காக அதைத் தைத்து வைக்காத பங்குகள் நிறைய, எங்கள் பங்கும் அதில் ஒன்று. அங்கே ஊதாவே வந்தால் ஏதோ தவறு என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் வளையம் வைப்பது

திருவருகைக் கால வளையத்தைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். பச்சை இலை சுற்றிய வட்டம், நான்கு மெழுகுவர்த்தி. ஊதா மூன்று, ரோஸ் ஒன்று. இது ஏதோ ஆதித் திருச்சபை வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கியது. அவர் நடத்திய ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் பிள்ளைகள் "கிறிஸ்மஸ் எப்ப வரும்?" என்று நச்சரித்திருக்கிறார்கள். அவர் ஒரு மரச் சக்கரத்தில் ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு, வாரநாளுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி இருபது வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார். அந்த ஆண்டு கிறிஸ்மஸ் புதன்கிழமை, முதல் ஞாயிறு டிசம்பர் 1. மொத்தம் 24 நாள், கணக்குச் சரியாக வருகிறது. 2026இல் அவர் இருந்திருந்தால் சிவப்பு மெழுகுவர்த்தி 22 வாங்கியிருப்பார். அது கத்தோலிக்கக் கோயில்களுக்குள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

வீட்டில் செய்ய ஒரு தாம்பாளம் போதும். அதில் மணல் பரப்பி, நான்கு மெழுகுவர்த்தியை நட்டு, சுற்றிலும் பச்சை இலை வையுங்கள். வெறும் தட்டில் மெழுகை உருக்கி ஒட்டினால் நம் ஊர் வெக்கையில் இரண்டாம் வாரம் சாய்ந்துவிடும். மணல் இருந்தால் நிற்கும், தப்பித்தவறி விழுந்தாலும் அணைந்துவிடும். எங்கள் பக்கம் சவுக்குக் கிளைதான் வழக்கம். அதில் ஒரு ஆபத்து உண்டு. நாலைந்து நாளில் காய்ந்து சருகாகிவிடும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், இலை பொடிந்தால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. ஜெபம் முடிந்ததும் ஊதி அணைத்துவிட வேண்டும், எரியவிட்டு விட்டு டிவி பார்க்கப் போகக்கூடாது.

மெழுகுவர்த்தி வாங்கும்போது உயரமானதாகப் பாருங்கள். முதல் வாரத்தில் ஏற்றியது நான்காம் வாரம் வரை எரிய வேண்டும். முதல் வாரம் ஊதா ஒன்று, இரண்டாம் வாரம் அதோடு இன்னொரு ஊதா, மூன்றாம் வாரம் ரோஸ், நான்காம் வாரம் கடைசி ஊதா. புதியதை மட்டும் ஏற்றிப் பழையதை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. வெளிச்சம் வாரா வாரம் கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் இதன் கருத்து. சரியாகச் செய்திருந்தால் கடைசி வாரம் நான்கும் நான்கு உயரத்தில் படிக்கட்டு மாதிரி நிற்கும். மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால் எங்கோ மறந்திருக்கிறீர்கள். ஊதா கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவர்த்தியே வையுங்கள். இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 17க்குப் பிறகு

டிசம்பர் 17 வந்ததும் வாசகங்களின் சுருதி மாறும். அன்றைய நற்செய்தி மத்தேயுவின் தலைமுறை அட்டவணை, ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை வரிசையாகப் பெயர்கள். அதை வாசிக்கும் சாமியார்கள் முந்தின ராத்திரி பயிற்சி எடுப்பார்கள் என்று நினைக்கிறேன், எடுக்காவிட்டால் தெரிந்துவிடும். அதன் பிறகு யோசேப்பின் கனவு, செக்கரியா ஊமையானது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது, திருமுழுக்கு யோவான் பிறந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு படி. நேரம் இருந்தால் இந்த எட்டு நாள் மட்டுமாவது வாரநாள் பூசைக்குப் போய்ப் பாருங்கள்.

17 முதல் 23 வரை மாலைப் புகழில் ஏழு பழம்பாடல் முன்மொழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வரப்போகிறவரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வாரும்" என்று முடியும்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலின் சுடரே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதல் எழுத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கோத்தால் "ஏரோ கிராஸ்" என்று வரும். "நாளை நான் இருப்பேன்" என்று பொருள். ஏழாவது பாடலை 23ஆம் தேதி பாடி முடித்ததும் இந்தப் பதில் முழுசாகிவிடும். வேண்டுமென்றே கோத்தார்களா, தானாக அமைந்ததா தெரியாது, ஆனால் அழகு. வீட்டில் வளையத்துக்கு முன் நாளுக்கு ஒரு பெயராகச் சொல்லி ஜெபிக்கலாம், ஒரு நிமிஷம் போதும்.

குடிலும் கேரலும்

குடில் எப்போது கட்டலாம்? டிசம்பர் நடுவில் கட்டத் தொடங்கலாம். மண்ணைக் கொட்டி, வைக்கோல் பரப்பி, தட்டில் நெல் முளைக்கவிட்டு வயல் காட்டுகிறவர்கள் ஏழெட்டு நாள் முன்பே விதைத்தாக வேண்டும். மாடு, ஆடு, இடையர், மரியா, யோசேப்பு எல்லாம் வரலாம். குழந்தை மட்டும் 24 ராத்திரிக்கு முன் வரக்கூடாது. சுரூபத்தைப் பீரோவில் ஒளித்து வையுங்கள், வீட்டுச் சின்னப்பிள்ளை கையால் கிறிஸ்மஸ் பூசை முடிந்து வந்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று ஞானிகளையும் கொஞ்சம் தூரத்தில், அலமாரி மூலையில் நிறுத்திவைத்து நாளுக்கு நாள் நகர்த்துகிற வீடுகள் உண்டு. அவர்கள் வந்து சேரவேண்டியது திருக்காட்சிப் பெருவிழாவுக்கு.

கேரல் விஷயத்தில் என் மனசு இரண்டாக இருக்கும். தாத்தா வேஷம், டிரம், ஜீப் என்று டிசம்பர் இரண்டாம் வாரமே இளைஞர்கள் வீடு வீடாக வந்து "பிறந்தார் பிறந்தார்" என்று பாடுகிறார்கள். கோயிலுக்குள் இன்னும் "வாரும் ஆண்டவரே" என்றுதான் பாடிக்கொண்டிருக்கிறோம். ஒழுங்குப்படி பார்த்தால் கேரல் 24க்குப் பிறகுதான் வர வேண்டும். ஆனால் லீவு, பரீட்சை, மழை எல்லாம் பார்த்து நடத்துகிற பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. தெருவில் என்ன வேண்டுமானாலும் பாடட்டும், பூசையில் பாடகர் குழு திருவருகைப் பாடல்களோடு நிற்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

எல்லோரும் கேட்கும் இரண்டு கேள்வி

நோன்பு உண்டா, கறி சாப்பிடலாமா? லத்தீன் ரீதியில் திருவருகைக் காலத்துக்கென்று கட்டாய நோன்பு இல்லை. கிறிஸ்மஸுக்கு முன் ஒப்புரவு அருளடையாளம், அதாவது பாவசங்கீர்த்தனம் செய்வதுதான் நம் வழக்கம். கடைசி வாரத்தில் வரிசை நீளும், அதனால் முன்கூட்டியே போய்விடுங்கள்.

கல்யாணம் வைக்கலாமா? தடைச் சட்டம் இல்லை. ஆனாலும் பல பங்குகளில் இந்தக் காலத்தில் வைப்பதில்லை, வைத்தாலும் ஆடம்பரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பங்குத்தந்தையைக் கேட்டுவிடுங்கள், கொடுத்த பிறகு அல்ல.

இனி மற்ற சபைகள். சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளிலும் அட்வென்ட் என்ற பெயரில் இதே நான்கு ஞாயிறு உண்டு. தவக்காலத்தை அவர்கள் லெந்து நாட்கள் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இந்தக் காலங்களை அனுசரிப்பதில்லை. சீரோ மலபார் ரீதியில் இது மங்கள வார்த்தைக் காலம், டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பும் அங்கே உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே தெருவில் இரண்டு ரீதிக்காரரும் இருப்பார்கள், ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதிக்க, பக்கத்து வீட்டில் நோன்பு நடக்கும். இத்தாலியின் மிலான் நகரத்து ரீதியில் நான்கல்ல, ஆறு வாரம்.

25க்குப் பிறகு, 2027 முழுக்க

26ஆம் தேதி காலையில் ஸ்டாரைக் கழற்றிவிடாதீர்கள். ஊருக்குக் கிறிஸ்மஸ் முடிந்திருக்கும், கோயிலுக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும். இந்தியாவில் திருக்காட்சிப் பெருவிழாவை ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிறில் கொண்டாடுகிறோம். 2027இல் அது ஜனவரி 3. அடுத்த ஞாயிறு, ஜனவரி 10, ஆண்டவரின் திருமுழுக்கு. அன்றோடு பிறப்புக் காலம் முடிகிறது. குடிலை அதுவரை வைத்திருக்கலாம்.

ஜனவரி 11 திங்கட்கிழமை பொதுக்காலத்தின் முதல் வாரம் தொடங்கும். 2027இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, சீக்கிரமே வருகிறது. அங்கிருந்து 46 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 10, திருநீற்றுப் புதன். அதனால் தவக்காலத்துக்கு முன் பொதுக்காலம் ஐந்தாம் வாரத்தின் நடுவிலேயே நின்றுவிடும். தூய ஆவியார் பெருவிழா மே 16. மறுநாள் தொடரும்போது ஆறாம் வாரமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருக்காது, ஏழாம் வாரம். கடைசி வாரம் எப்போதும் 34ஆம் வாரமாக முடிய வேண்டும் என்பதால் கிறிஸ்து அரசர் பெருவிழாவிலிருந்து, 2027இல் நவம்பர் 21இலிருந்து, பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார்கள். வாரம் பற்றாத ஆண்டில் நடுவில் ஒன்று காணாமல் போகும். நாள்காட்டியில் அச்சுப்பிழை என்று அச்சகத்துக்குப் போன் போடாதீர்கள்.

அந்தப் பெண் இப்போது எங்கள் பீடக் குழுவில் இருக்கிறாள். போன ஜனவரியில் குடிலைப் பிரித்த அன்று, குழந்தை சுரூபத்தைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து பச்சைத் துணியை அவளே எடுத்து வந்தாள். மடிப்பில் கரப்பான் கடித்த ஓட்டை ஒன்று. அடுத்த ஞாயிறுக்குள் தைத்தாக வேண்டும் என்று ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டோம்.